புகை விடாத பாட்டிலிலும் மேகம் வருகிறதே, பிறகு துகள் எதற்கு?

வெண்மதி | ஜனவரி 4, இரவு 8:40

2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி, மூடி, அழுத்திப் பிடித்து விடும் சோதனை எல்லோருக்கும் தெரியும். தீக்குச்சிப் புகை விட்டால் மேகம் வரும், விடாவிட்டால் வராது என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. ஆனால் புகை விடாமல் செய்தாலும் லேசாக ஒரு வெண்மை வருகிறது. இருட்டில் டார்ச் அடித்தால் தெளிவாகவே தெரிகிறது. காற்று குளிர்ந்தாலே போதும், துகள் அவசியமில்லை என்று இதை எடுத்துக்கொள்ளலாமா?

தென்றல் | ஜனவரி 4, இரவு 9:05

எடுத்துக்கொள்ளலாம். காற்று ஒரு பஞ்சு மாதிரி. சூடாக இருக்கும்போது நிறைய நீராவியைப் பிடித்து வைக்கும், குளிர்ந்தால் பிழிந்துவிடும். ஒரு கன மீட்டரில் 30 டிகிரியில் 30 கிராம், 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம், 0 டிகிரியில் 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஈரப்பதம் 100-ஐத் தொட்ட நொடியில் மிச்சம் நீராகிவிடும். துகள் இருந்தால் கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான்.

ஆவிமானி | ஜனவரி 4, இரவு 10:31

தென்றல் சொன்ன எண்கள் சரி. "தொட்ட நொடியில்" என்பதுதான் சரியில்லை.

நீராவிக்கு இடம் கொடுப்பது காற்று அல்ல. காற்றையே எடுத்துவிட்டு வெற்றிடத்தில் தண்ணீரை வைத்தாலும் 20 டிகிரியில் அதே 17 கிராம்தான் நிரம்பும். அந்த 17 என்பது தட்டையான நீர்ப்பரப்பிலிருந்து வெளியேறும் மூலக்கூறுகளும் திரும்பி வந்து ஒட்டும் மூலக்கூறுகளும் சமமாகும் அளவு. ஈரப்பதம் 100 என்றால் தட்டையான பரப்போடு கணக்கு சரியாகிவிட்டது என்று மட்டுமே பொருள்.

மேகத்தில் தட்டையான பரப்பு எங்கே இருக்கிறது? முதல் துளி பிறக்கும்போது அது சில நூறு மூலக்கூறுகள் கொண்ட ஒரு சிறு உருண்டை. வளைவு அதிகமாக இருப்பதால் பரப்பில் உள்ள மூலக்கூறைப் பிடித்துக்கொள்ள அக்கம்பக்கம் ஆள் குறைவு. அதனால் வெளியேறுவது வேகமாக நடக்கும். 0.01 மைக்ரான் ஆரமுள்ள தூய நீர்த்துளி ஆவியாகாமல் நிற்கவே ஈரப்பதம் 112 வேண்டும். 0.1 மைக்ரான் ஆரம் என்றால் 101.2 போதும். அதைவிடச் சிறிய உருண்டைக்கு இன்னும் எவ்வளவோ மேலே போக வேண்டும். ஆக, ஒன்றுமில்லாத இடத்தில் துளி பிறப்பது மிகக் கடினம். ஏற்கெனவே கொஞ்சம் அகலமான பரப்போடு ஒரு துகள் காத்திருந்தால் அந்த ஆரம்பக் கட்டத்தைத் தாண்டி வந்துவிடலாம்.

வெண்மதியின் பாட்டிலில் மேகம் வந்ததற்குக் காரணம், அறைக் காற்றில் ஏற்கெனவே துகள்கள் இருப்பதுதான். சாதாரண அறைக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் இருக்கும். நீங்கள் விடாதது புகையைத்தான். துகளை நீங்கள் எடுக்கவில்லை.

வெண்மதி | ஜனவரி 4, இரவு 10:50

அப்படியானால் புகை விட்டதும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருந்தால் அதுவே போதாதா?

ஆவிமானி | ஜனவரி 5, காலை 6:15

இதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது.

கையால் நன்றாக அழுத்தினால் உள்ளே அழுத்தம் 5 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்வோம். அழுத்திய உடனே காற்று கொஞ்சம் சூடாகும். சில நொடி பிடித்திருந்தால் அந்தச் சூடு சுவர் வழியே போய்விடும், 28 டிகிரிக்கே திரும்பும். சட்டென்று விட்டால் விரிவதால் 4 டிகிரி இறங்கி 24-க்கு வரப் பார்க்கும். 28-ல் தெவிட்டிய காற்றில் 27 கிராம், 24-ல் 22 கிராம். 5 கிராம் மிச்சம் போலத் தெரியும். ஆனால் நீராவி நீராகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிடும், அது காற்றை மறுபடி சூடாக்கும். எல்லாம் அடங்கிய பிறகு உண்மையில் இறங்குவது சுமார் 1 டிகிரிதான், நீராவது கன மீட்டருக்கு ஒன்றரை கிராம். 2 லிட்டர் பாட்டிலில் அது 3 மில்லிகிராம். சொட்டுமருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டு 50 மில்லிகிராம் இருக்கும். நீங்கள் பார்க்கும் மேகம் முழுவதும் ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

புகை விட்டாலும் விடாவிட்டாலும் இந்த 3 மில்லிகிராம் மாறாது. அது குளிர்ச்சியால் முடிவாவது. துகள் முடிவு செய்வது அந்த 3 மில்லிகிராமை எத்தனை துளிகளாகப் பங்கிடுவது என்பதை. கன சென்டிமீட்டருக்கு 3000 துகள் என்றால் ஒவ்வொரு துளியும் 5 மைக்ரான் ஆரம் வரும். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பாட்டில் வழியே போகும் ஒளியில் 4, 5 சதவீதம்தான் சிதறும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. புகை விட்டு எண்ணிக்கை பத்து லட்சமானால் துளிகள் மிகச் சிறியவை, ஆனால் மொத்தப் பரப்பு ஏழு மடங்கு. கால்வாசிக்கும் மேல் ஒளி சிதறும். அதைத்தான் "மேகம் வந்தது" என்கிறோம்.

அதனால் புகை இல்லாத சோதனையைச் செய்பவர்கள் பின்னால் கருப்புத் தாளை வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு "வரவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

தென்றல் | ஜனவரி 5, காலை 7:02

சரி, 100-ஐத் தொட்டதும் என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் துகளே இல்லாமல் செய்தால் என்ன ஆகும்? அதைக் காட்டாதவரை நம்புவது கஷ்டம்.

ஆவிமானி | ஜனவரி 5, காலை 7:40

ஜான் எய்ட்கன் 1880-களில் பஞ்சு வழியே வடிகட்டிய காற்றில் காட்டினார். மேகம் வரவில்லை. பிறகு சி. டி. ஆர். வில்சன் வடிகட்டிய காற்றை இன்னும் கடுமையாக விரித்துப் பார்த்தார். கொள்ளளவு 1.25 மடங்கு விரியும்வரை ஒன்றுமே இல்லை. அதைத் தாண்டினால் மழைத்தூறல்போலச் சில துளிகள். காற்றில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் அயனிகள்மேல் அவை பிறந்தன. அப்போது ஈரப்பதம் கிட்டத்தட்ட 400. 1.38 மடங்குக்கு மேல் போனபோதுதான் அடர்ந்த மேகம் வந்தது, ஏறத்தாழ 800-ல். அதுதான் எதன் துணையும் இல்லாமல் நீராவி தானாகத் துளியாகும் இடம். அயனியில் துளி பிறக்கும் அந்த இடைவெளியை வைத்துத்தான் பின்னால் 1911-ல் அவர் மின்னூட்டமுள்ள அணுத்துகள்களின் தடத்தைப் படம் எடுத்தார், 1927-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பாட்டிலில் 4 டிகிரி இறக்கத்தில், துளியே பிறக்காமல் இருந்தால், ஈரப்பதம் 121 வரை போகும். 400-க்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆக உண்மையிலேயே சுத்தமான பாட்டிலில் ஒன்றும் தெரியாது.

வெண்மதி | ஜனவரி 5, இரவு 9:20

வீட்டிலேயே சுத்தம் செய்ய வழி உண்டா? அழுத்தி, விட்டு, துளிகள் கீழே விழட்டும் என்று காத்திருந்து, மறுபடி அழுத்தினால் துகள்கள் துளிகளோடு போய்விடாதா?

ஆவிமானி | ஜனவரி 5, இரவு 10:12

போகும், ஆனால் மெதுவாக. 5 மைக்ரான் ஆரமுள்ள துளி நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். பாட்டிலைப் படுக்க வைத்தாலும் 9 சென்டிமீட்டர் இறங்க அரை நிமிடம் வேண்டும். அதற்குள் சுவரின் சூடு உள்ளே வந்து துளிகள் மறுபடி ஆவியாகிவிடும், துகள் அங்கேயே மிதக்கும். ஒவ்வொரு முறையும் அடியில் இருந்த கொஞ்சம் துகள்தான் போகும்.

ஒரு இரவு முழுக்க அசையாமல் மூடி வைப்பது சுலபமான வழி. மிகச் சிறிய துகள்கள் அலைந்து சுவரில் ஒட்டும், சில ஒன்றோடொன்று சேர்ந்து இறங்கும். காலையில் திறக்காமல் அழுத்திப் பாருங்கள். பிறகு மூடியை ஒரு நொடி திறந்து, பாட்டிலை ஒருமுறை அழுத்தி அறைக் காற்றை உள்ளே இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம் தெரிய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் அறை வெப்பநிலையிலேயே இருக்கட்டும். வெந்நீர் விட்டால் சுவர் உள்ளே வியர்த்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். விட்ட பிறகு வந்த வெண்மை, மறுபடி அழுத்தினால் மறைய வேண்டும். மறையாவிட்டால் நீங்கள் பார்ப்பது மேகமல்ல, புகை அல்லது சுவரில் படிந்த ஈரம்.

சாரல் | ஜனவரி 6, மதியம் 1:15

எங்கள் வீட்டு ஈரப்பதமூட்டியிலும் இப்படித்தான் வெள்ளையாக வருகிறது. அதுவும் தூசிமேல் படிந்துதானா? தூசியைத் துடைத்துவிட்டால் நிற்குமா?

முகில்77 | ஜனவரி 6, மதியம் 2:03

அதிர்வுத் தட்டு வைத்த கருவி என்றால் இல்லை. அது தண்ணீரை நேரடியாகச் சிதறடிக்கிறது. ஆவியிலிருந்து துளி பிறக்கவில்லை, அதனால் துளிக்குக் கருவாகும் துகள் எதுவும் தேவையில்லை. துளி காய்ந்த பிறகு தண்ணீரில் இருந்த உப்பு வெள்ளைத் தூளாக மேசைமேல் படியும். துடைத்தால் அந்தத் தூள் போகும், கருவியிலிருந்து வரும் வெண்மை நிற்காது. காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் தூள் வராது.

முகில்77 | ஜனவரி 6, இரவு 11:48

பாட்டிலை விட்டு வெளியே வருவோம். பாட்டில் சோதனை ஒரு விஷயத்தில் ஆளை ஏமாற்றிவிடும்.

பாட்டிலில் ஈரப்பதம் ஒரு நொடிக்குள் 110, 120 என்று பாய்கிறது. அந்த அளவில் அநேகமாக எந்தத் துகளும் துளியாகும். தூசி, கரி, உப்பு, எதுவானாலும் சரி, சின்னது பெரியது என்ற பேதமில்லை. வெளியே இப்படி நடப்பதில்லை. மேலேறும் மேகத்தில் மீதெவிட்டல் பெரும்பாலும் 0.1 முதல் 1 சதவீதம் வரைதான். அதாவது 100.1 முதல் 101. இரவில் தரையை ஒட்டி உருவாகும் மூடுபனியில் காற்று அத்தனை மெதுவாகக் குளிர்கிறது, 100.1-ஐக்கூடத் தொடுவதில்லை. அதற்குள்ளேயே துளிகள் மிச்சத்தைக் குடித்துவிடும்.

இவ்வளவு குறைந்த மிச்சத்தில் யார் துளியாக முடியும் என்பதுதான் உண்மையான கேள்வி. 0.1 மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீரில் கரையாத, ஆனால் நனையக்கூடிய தூசி என்றால் துளியாக 102-க்கு மேல் வேண்டும். அதே அளவு கடல் உப்புத் துகள் என்றால் 100.13 போதும். கரைந்த உப்பு, நீர் மூலக்கூறுகள் தப்பி ஓடுவதைக் குறைத்து, வளைவினால் வரும் இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. மூடுபனியைப் பொறுத்தவரை அந்த 0.13 கூட அதிகம்தான். இன்னும் பெரிய உப்பு, சல்பேட் துகள்களே முழுத் துளியாகின்றன. மீதி எல்லாம் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போய், துளியாகாமல் அப்படியே மிதக்கும்.

ஆகவே "தூசியைச் சுற்றி நீராவி படிகிறது" என்று பொதுவாகச் சொல்வதில் தூசி என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். மண் தூசி இதில் சுமாரான ஆள். கடலலை தெறித்துக் காய்ந்த உப்பு, கந்தக வாயுவிலிருந்து உருவாகும் சல்பேட், விறகுப் புகையில் வரும் பொட்டாசியம் உப்புகள், இவைதான் முன்வரிசையில் நிற்பவை.

தென்றல் | ஜனவரி 7, காலை 6:55

அப்படியானால் 100-க்குக் கீழேயே மங்கலாகத் தெரிவது? காலையில் ஈரப்பதமானி 92 காட்டும்போதே தூரத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அளவி தப்பா?

முகில்77 | ஜனவரி 7, காலை 7:30

அளவியில் மூன்று நான்கு சதவீதத் தவறு சாதாரணம். ஆனால் இங்கே அதன்மேல் பழி போட வேண்டாம். சமையல் உப்பின் துகள் ஈரப்பதம் 75-ஐத் தாண்டியதும் கரைந்து துளியாகிவிடும், அம்மோனியம் சல்பேட் 80-ல். 90-ல் உப்புத் துகளின் விட்டம் உலர்ந்திருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஒளியைத் தடுக்கும் பரப்பு நான்கைந்து மடங்காகிறது. அது மங்கல், மூடுபனி அல்ல. பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக் குறிப்பில் மூடுபனி என்று எழுதுவோம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: மங்கலில் ஈரப்பதம் குறையக் குறையப் படிப்படியாகத் தெளியும். மூடுபனி, துளிகள் ஆவியாகும் அந்தக் கட்டத்தில் சட்டென்று உடையும்.

குளிரறை | ஜனவரி 8, இரவு 8:22

நம்ம கேஸ் வேற. குளிர்பதனக் கிடங்கு, உள்ள 2 டிகிரி, ஈரப்பதம் 90. வெளிய சரக்கு ஏத்துற இடம் 30 டிகிரி, ஈரப்பதம் 80. கதவைத் திறந்தா தரை முழுக்க வெள்ளையா மூடுபனி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்களுக்குத் தரை தெரியல. மேல படிச்சத வச்சுப் பாத்தா தூசி இல்லன்னா மூடுபனி வராது. அப்ப வெளிய காத்துல நல்ல ஃபில்டர் போட்டுட்டா போதும்ல? ஒருத்தர் விலைப்பட்டியல் குடுத்துட்டாரு, சொல்லுங்க.

ஆவிமானி | ஜனவரி 8, இரவு 9:40

வாங்காதீர்கள். உங்கள் இடத்தில் அது உதவாது.

உங்களுக்கு நடப்பது கலப்பினால் வரும் மூடுபனி. இரண்டு பக்கக் காற்றும் தனித்தனியே தெவிட்டாதவை. ஆனாலும் கலந்தால் தெவிட்டிவிடும். சரிபாதி கலந்தால் வெப்பநிலை 16. வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 24 கிராம், உள்ளே 5 கிராம், கலந்தால் கிட்டத்தட்ட 15 கிராம். 16 டிகிரிக்கு உரிய அளவோ 13.6 தான். வெப்பநிலையோடு அந்த அளவு நேர்கோட்டில் ஏறாமல் வளைந்து ஏறுவதால்தான் நடுவில் இப்படி மாட்டிக்கொள்கிறது. உள்ளுறை வெப்பத்தைக் கழித்தபின் அரை கிராம் நீர் துளியாக நிற்கும். மூடுபனிக்கு இது தாராளம்.

அந்த ஓர் இடத்தில் மீதெவிட்டல் 10 சதவீதத்தை நெருங்குகிறது. முகில் சொன்ன வெளி மூடுபனியைப்போல நூறு மடங்கு. அதாவது உங்கள் கதவு பாட்டில் வகையைச் சேர்ந்தது, இருக்கும் துகள் எல்லாம் துளியாகும். வடிகட்டியால் துகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீரின் அளவு அதேதான். துளிகள் பெரிதாகும், எண்ணிக்கை குறையும், பார்வைத் தூரம் இரண்டு மடங்கு மட்டும் கூடும். அதுவும் கதவு திறந்திருக்கும் இடத்தில் காற்றை அவ்வளவு சுத்தமாக வைக்கவே முடியாது.

குறைக்க வேண்டியது வெளியே உள்ள ஈரம். இதே வெப்பநிலையில் வெளி ஈரப்பதம் 60-க்குக் கீழே வந்துவிட்டால் எந்த விகிதத்தில் கலந்தாலும் தெவிட்டும் அளவைத் தாண்டாது. ஏற்றும் இடம் முழுவதையும் அப்படி வைப்பது செலவு. கதவுக்கு முன்னால் ஒரு சிறு தடுப்பறை கட்டி அதை மட்டும் ஈரம் நீக்குங்கள். இப்போதைக்குப் பட்டைத் திரை போட்டால் கலக்கும் காற்றின் அளவாவது குறையும்.

குளிரறை | ஜனவரி 8, இரவு 10:02

தடுப்பறைக்கு இடம் இருக்கு. ஆனா 60-ன்னு சொன்னது ரொம்ப ஓரமா இல்லையா? மழை நாள்ல வெளிய 30-க்கு பதிலா 26 டிகிரி, ஈரப்பதம் 95 வரும்.

ஆவிமானி | ஜனவரி 8, இரவு 10:25

ஓரம்தான். 65-ல் லேசாக வர ஆரம்பிக்கும். 50-ஐ இலக்காக வையுங்கள். மழை நாளில் தடுப்பறைக்குள் நுழைவது ஈரப்பதம் இன்னும் கூடிய காற்று என்பதால் ஈரநீக்கியின் திறனைக் கோடைக்கு அல்ல, அந்த நாளுக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். ஈரப்பதமானியைத் தடுப்பறையின் வெளிக்கதவுப் பக்கம் மாட்டாதீர்கள். உள்கதவின் மேல்பக்கம், ஏனென்றால் சூடான ஈரக்காற்று மேல்வழியாகத்தான் உள்ளே போகிறது, குளிர்காற்று கீழ்வழியாக வெளியே வழிகிறது.

வெண்மதி | ஜனவரி 10, காலை 6:10

பாட்டிலை இரவு மூடி வைத்துக் காலையில் பார்த்தேன். கருப்புத் தாள், டார்ச் எல்லாம் வைத்தும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அங்கங்கே சில மின்னும் புள்ளிகள் மட்டும், தனித்தனியாக எண்ணலாம்போல. அவை வேகமாகக் கீழே இறங்கின. மூடியைத் திறந்து அறைக் காற்று விட்டதும் பழைய வெண்மை திரும்பியது.

ஆவிமானி | ஜனவரி 10, காலை 6:45

அந்த மின்னும் புள்ளிகள்தான் நல்ல சாட்சி. மிஞ்சியிருந்த சில துகள்கள்மேல் எல்லா நீரும் ஏற முயன்று துளிகள் பெரிதாகிவிட்டன, அதனால்தான் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது, வேகமாக இறங்கியது. ஆரம் இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் நான்கு மடங்கு. எய்ட்கன் தூசி எண்ணும் கருவியை இப்படித்தான் அமைத்தார். துளியைக் கட்டம் போட்ட தட்டில் விழவைத்து எண்ணினார், ஒரு துளிக்கு ஒரு துகள்.

தென்றல் | ஜனவரி 10, இரவு 9:15

இன்னொன்று. மாலையிலேயே பனிநிலையை, அதாவது அந்தக் காற்று குளிர்ந்து தெவிட்டும் வெப்பநிலையைக் கணக்கிட்டு, இரவு வெப்பநிலை அதைத் தொடும் என்று தெரிந்தால் மூடுபனி வரும் என்று சொல்லிவிடலாம்தானே? நேற்று மாலை 20 டிகிரி, ஈரப்பதம் 70. பனிநிலை 14.4 வந்தது. இரவில் 14 வரை இறங்கியது. மூடுபனி இல்லை. துகள் போதவில்லையா?

முகில்77 | ஜனவரி 10, இரவு 11:30

துகள் போதாமல் மூடுபனி தவறுவது தரைப்பக்கம் மிக அரிது. நேற்று நடந்தது வேறு. காலையில் புல் நனைந்திருந்ததா?

காற்று அசையாத இரவில் முதலில் குளிர்வது தரையும் புல்லும். காற்றைவிட அவை மூன்று நான்கு டிகிரி கீழே போகும். ஆகவே அவைமேல் பனித்துளி முதலில் படியும். மாலையில் இருந்த 12.1 கிராமில் தரையை ஒட்டிய காற்று கொஞ்சத்தைப் புல்லுக்குக் கொடுத்துவிட்டது. அதனால் பனிநிலையே கீழே நகர்ந்துவிட்டது. 14.4 என்று மாலையில் போட்ட கோடு நள்ளிரவில் 13-க்குப் பக்கத்தில் இருக்கும். மாலைப் பனிநிலைக்கு ஒன்று இரண்டு டிகிரி கீழே வரை போகும் என்றால்தான் நான் மூடுபனி என்று எழுதுவேன்.

காற்றும் முக்கியம். முழு அமைதி என்றால் குளிர்ச்சி தரையோடு நின்று பனித்துளியோடு முடிந்துவிடும். நொடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அசைவு இருந்தால் குளிர்ச்சி சில பத்து மீட்டர் உயரத்துக்குப் பரவும், மூடுபனிக்குத் தடிமன் வரும். அதற்கு மேல் வீசினால் மேலிருந்து உலர்ந்த காற்று கலந்து எல்லாம் கெட்டுப்போகும்.

வெப்பநிலை வரைபடத்தில் ஓர் அடையாளம் உண்டு. மணிக்கு ஒரு டிகிரி என்று இறங்கிக்கொண்டிருந்த கோடு திடீரென்று சாய்வு குறைந்தால், துளிகள் பிறக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். 13 டிகிரிப் பக்கத்தில் தெவிட்டிய காற்றிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் பாதிக்கு மேல் உள்ளுறை வெப்பமாகவே ஈடாகிவிடும். பார்வைத் தூரம் குறைவதற்கு முன்பே அந்த வளைவு தெரியும் நாட்கள் உண்டு.

தென்றல் | ஜனவரி 11, காலை 6:20

புல் நன்றாக நனைந்திருந்தது. காற்றும் துளிகூட இல்லை.

வெண்மதி | ஜனவரி 12, இரவு 8:05

அப்படியானால் வெளி மூடுபனியில் துகள் எண்ணிக்கைக்கு வேலையே இல்லையா? புகை அதிகமுள்ள இடத்தில் மூடுபனி அடர்த்தி என்று சொல்வது வெறும் தோற்றமா?

முகில்77 | ஜனவரி 12, இரவு 9:50

தோற்றமல்ல. வருமா வராதா என்பதைக் குளிர்ச்சியும் ஈரமும் சொல்லும். வந்த பிறகு எப்படி இருக்கும் என்பதைத் துகள் சொல்லும்.

கன மீட்டருக்கு 0.2 கிராம் நீர் என்று வைத்துப் பாருங்கள், நடுத்தர மூடுபனி. துளியானவை கன சென்டிமீட்டருக்கு 100 என்றால் ஒவ்வொன்றும் 8 மைக்ரான் ஆரம், பார்வைத் தூரம் 100 மீட்டர். 1000 என்றால் ஆரம் 3.6 மைக்ரான், பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே. சாலையில் போகிறவருக்கு இந்தப் பாதி பெரிய வித்தியாசம். மேலும் பெரிய துளி நொடிக்கு 7 மில்லிமீட்டர் இறங்குகிறது, சிறியது ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதனால் துகள் மிகுந்த மூடுபனி தன் நீரைத் தரைக்குக் கொடுக்காமல் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும்.

ஆனால் 1000 துகள் சேர்த்தால் 1000 துளி வரும் என்று எண்ண வேண்டாம். போட்டியாளர்கள் கூடினால் மீதெவிட்டல் இன்னும் கீழே போகும், கடைசி வரிசைத் துகள்களுக்கு வாய்ப்பே வராது. துகளைப் பத்து மடங்காக்கினால் துளி அதைவிடக் குறைவாகத்தான் கூடும்.

ஆவிமானி | ஜனவரி 12, இரவு 10:35

கரியைப் பற்றி முகிலோடு எனக்கு ஓர் உடன்பாடின்மை உண்டு. புதிதாக எரிந்து வந்த கரித்துகள் நீரை விரும்பாது, மூடுபனியின் மெல்லிய மீதெவிட்டலில் அது கருவாகாது. ஆகவே புகைமிகுந்த இடத்தில் எண்ணும் துகளில் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்தே நீக்க வேண்டும் என்பேன். அடர்த்தி கூடுவதற்குக் காரணம் ஊதிய சல்பேட்டும் நைட்ரேட்டும்தான்.

முகில்77 | ஜனவரி 13, காலை 7:12

புதுக்கரி என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று தேங்கி நிற்கும் இடத்தில் கரி புதுக்கரியாகவே இருப்பதில்லை. சில மணி நேரத்தில் அதன்மேல் சல்பேட்டும் கரிமச் சேர்மங்களும் படிந்து நீரை ஏற்கும்படி ஆகிவிடுகிறது. மூடுபனி வரும் இரவுகளோ பெரும்பாலும் காற்று தேங்கும் இரவுகள். எனவே முழுதாக நீக்குவதை ஏற்க மாட்டேன்.

காலை வெயிலில் கரி என்ன செய்கிறது என்பது அதைவிடச் சிக்கல். துளிக்குள் அகப்பட்ட கரி வெயிலை உறிஞ்சி மூடுபனியை உள்ளிருந்தே கலைக்கும் என்று ஒரு வாதம். மேலே மிதக்கும் கரி வெயிலைத் தடுத்துத் தரையைச் சூடாகவிடாமல் மூடுபனியை நீட்டிக்கும் என்று மறு வாதம். இரண்டும் நடக்கக்கூடியவை. கரி மூடுபனிக்குள் எவ்வளவு, மேலே எவ்வளவு என்று உயரவாரியாக அளந்தால்தான் அந்தந்த நாளுக்கு எது வென்றது என்று சொல்ல முடியும்.

ஆவிமானி | ஜனவரி 13, காலை 7:50

உயரவாரி அளவு இல்லாமல் நானும் பக்கம் எடுக்க மாட்டேன். ஆனால் தேங்கிய காற்றில் கரி சில மணி நேரத்தில் மாறிவிடும் என்பதில் வெயில் இல்லாத இரவைக் கணக்கில் எடுத்தீர்களா? சல்பேட் உருவாகும் வேகம் பகலில் ஒன்று, இரவில் வேறு. மாலையில் வெளியான கரி விடியற்காலைக்குள் போதுமான அளவு பூச்சு பெறுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

குளிரறை | ஜனவரி 13, மதியம் 12:40

பட்டைத் திரை மாட்டியாச்சு. தரை இப்ப ஓரளவு தெரியுது, ஆனா வண்டி உள்ள போகும்போது திரை விலகுற நேரத்துல ஒரு அலை மாதிரி வருது. தடுப்பறைக்கு அளவு எடுத்துட்டு இருக்கோம். ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறக்காத மாதிரி பூட்டு வைக்கணுமா?

ஆவிமானி | ஜனவரி 13, மதியம் 1:05

கட்டாயம் வையுங்கள். இரண்டும் சேர்ந்து திறந்தால் தடுப்பறை வெறும் வழிப்பாதைதான், ஈரநீக்கி உலர்த்தி வைத்த காற்று முழுவதும் ஒரே வீச்சில் உள்ளே போய்விடும். வெளிக்கதவு மூடியபின் சுமார் எவ்வளவு நேரத்தில் அறை 50-க்கு இறங்குகிறது என்று முதலில் அளந்து பார்த்து, உள்கதவு திறக்கும் தாமதத்தை அதை வைத்து அமையுங்கள். வண்டி வரிசைகட்டி நிற்கும் நேரத்தில் அந்தத் தாமதத்தை ஓட்டுநர்கள் பொறுக்க மாட்டார்கள், அதனால் ஈரநீக்கியின் திறனைக் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள்.